தோலா, துணியா, லெதரெட்டா: குடும்பக் காருக்கு எந்த இருக்கை?

ஒரே காரின் அடிப்படை வகையில் துணி இருக்கையும், நடுத்தர வகையில் தோல்போலத் தோன்றும் செயற்கை உறையான லெதரெட்டும், உயர்வகையில் தோலும் வரும்போது, வாங்குபவர் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தடுமாறுகிறார். துணி இருக்கையுடன் வரும் காரை வாங்கி, மேலே ஒரு லெதரெட் உறையைத் தைத்துப் போட்டுக்கொள்ளலாமே என்ற யோசனையும் அப்போதே எழுகிறது. விற்பனையகத்தில் உட்கார்ந்து பார்க்கும் பத்து நிமிடத்தில் மூன்றுமே நன்றாகத்தான் இருக்கும். அவற்றுக்கிடையேயான வேறுபாடு மூன்றாம் கோடையிலும் ஐந்தாம் ஆண்டிலும்தான் வெளிப்படும். ஆகவே இக்கட்டுரை புதிய இருக்கையின் தோற்றத்தை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் எப்படிக் கெடுகிறது, கெட்டபின் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை மையமாக வைத்து மூன்றையும் ஒப்பிடுகிறது.

எடுத்துக்கொண்ட குடும்பம் இது: பெற்றோர் இருவர், குழந்தை இருக்கையில் அமரும் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, ஏழு வயதுக் குழந்தை ஒன்று, அவ்வப்போது உடன் வரும் பாட்டி. கார் பகல் முழுவதும் வெயிலில் நிற்கிறது. எட்டு ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறார்கள்.

## அளவுகோல்கள்

விலை, வெப்பம், சுத்தம், உழைப்பு என்ற நான்கையும் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் ஒப்பீடு குழம்பிவிடும்.

விலை என்பது வாங்கும்போது கொடுக்கும் தொகையும், எட்டு ஆண்டுகளில் பராமரிப்புக்கும் பழுதுக்கும் கொடுக்கும் தொகையும் சேர்ந்தது. வெப்பத்தில், கதவைத் திறந்து உட்காரும் கணத்தில் சுடுவது ஒன்று. அரை மணி நேரம் உட்கார்ந்தபின் முதுகு வியர்ப்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் காரணங்கள் வேறு. சுத்தத்தில், மேற்பரப்பைத் துடைப்பது எளிதா என்பதோடு, சிந்தியது உள்ளே இறங்குமா என்பதையும் கேட்க வேண்டும். உழைப்பில், எத்தனை ஆண்டு என்பதைவிட, எந்த இடம் முதலில் கெடும், அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா என்பதே முக்கியம்.

இந்த நான்கின் எடை எல்லாக் குடும்பத்துக்கும் ஒன்றல்ல. பகலில் கார் எங்கே நிற்கிறது, பின்னிருக்கையில் யார் உட்காருகிறார்கள் என்ற இரண்டு விவரங்களே அந்த எடையைத் தீர்மானிக்கின்றன.

## உறைக்குள் என்ன இருக்கிறது

கார் இருக்கைத் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். நெய்யப்பட்டதாகவோ பின்னப்பட்டதாகவோ இருக்கும் அந்தத் துணியின் அடியில் மெல்லிய ஃபோம் அடுக்கு ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே இருக்கைக்கு வடிவம் தரும் கனமான ஃபோம் இருக்கிறது. துணி நீரைத் தடுக்காது என்பதால், மேலே சிந்துவது நேராக இந்த ஃபோமுக்குப் போகும்.

லெதரெட் என்பது பின்னல் துணி ஒன்றின்மேல் பூசப்பட்ட பிளாஸ்டிக் படலம். ரெக்சின் என்று பலரும் சொல்வது இதன் பழைய உறவுதான். அந்தப் படலம் பிவிசியாக இருக்கலாம், பாலியூரிதேனாக இருக்கலாம். பாலியூரிதேனைக் கடைகளில் பியு என்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் கெடும் விதம் முற்றிலும் வேறு. எனவே லெதரெட் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி நிறத்தைப் பற்றியதல்ல, இது பிவிசியா பியுவா என்பதே.

தோல் இருக்கையைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. கார்களில் வரும் தோல் மிகப் பெரும்பாலும் நிறமி பூசப்பட்டு, அதன்மேல் தெளிவான பாலியூரிதேன் மேற்பூச்சு அடிக்கப்பட்ட மாட்டுத்தோல். ஆகவே தோல் இருக்கையில் நம் கை தொடுவதும், நாம் துடைப்பதும், முதலில் தேய்வதும் அந்த மேற்பூச்சைத்தான். இயற்கைத் தோல் மூச்சுவிடும், ஆகவே குளுமையாக இருக்கும் என்ற பேச்சு கார் இருக்கையில் பெரிதாகப் பலிக்காததற்குக் காரணம் இதுவே. மேலும், "தோல் இருக்கை" என்று எழுதப்பட்டிருக்கும் பல கார்களில் உடல் படும் நடுப்பகுதிகள் மட்டுமே தோல். பக்கங்களும் முதுகுப்புறமும் லெதரெட். விவரப் பட்டியலில் எந்தெந்தப் பகுதி என்று எழுதியிருக்கிறதா எனப் பார்ப்பதும், தலைச்சாய்வின் அடியிலோ இருக்கையின் கீழ் விளிம்பிலோ உறையின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பதும் நல்லது. உட்புறத்தில் நாரிழைகள் படர்ந்து சொரசொரப்பாக இருந்தால் தோல். சீரான துணிப் பின்னல் தெரிந்தால் லெதரெட்.

## வெப்பம்

வெயிலில் நிறுத்திய காரின் இருக்கை எவ்வளவு சூடாகும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் கடும் கோடை நாட்களில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் இருக்கைகள் சராசரியாக ஏறக்குறைய 51 டிகிரி செல்சியஸை எட்டியிருந்தன. டேஷ்போர்டு 69 டிகிரியை எட்டியிருந்தது. நிழலில் நின்றவற்றில் இருக்கை 41 டிகிரியை ஒட்டி இருந்தது. நிழலுக்கும் வெயிலுக்கும் இடையிலான இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டுதான் பொருள்களை ஒப்பிட வேண்டும்.

ஒரே வெப்பநிலையில் உள்ள துணியும் லெதரெட்டும் கைக்கு ஒரே மாதிரிச் சுடுவதில்லை. துணியின் மேற்பரப்பு இழைகளாலும் இடையிலுள்ள காற்றாலும் ஆனது. உடல் அதை இழை முனைகளில் மட்டுமே தொடுகிறது. லெதரெட்டும் மேற்பூச்சுள்ள தோலும் அடர்த்தியான, வழவழப்பான படலங்கள்; உடல் முழுப் பரப்பிலும் ஒட்டுவதால் வெப்பம் விரைவாகப் பாய்கிறது. கால்சட்டை அணிந்த பெரியவருக்கு இது ஒரு கணச் சங்கடம். தொடை வெளியே தெரியும் அரைக்கால் உடையில் ஏறும் குழந்தைக்கு அது அழவைக்கும் சூடு.

நிறத்தின் பங்கும் பெரியது. கண்ணாடி வழியே நேராக வெயில் விழும் இடத்தில் கறுப்புப் படலம் வெளிர் நிறத்தைவிடக் கூடுதலாகச் சூடாகும். ஆகவே கறுப்பு லெதரெட்டையும் பழுப்பு வெள்ளைத் துணியையும் ஒப்பிட்டுவிட்டு, லெதரெட்தான் சுடுகிறது என்று முடிவு கட்டுவது பொருத்தமல்ல. ஒரே நிறத்தில் ஒப்பிட வேண்டும். ஆனால் வெளிர் நிறத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைச் சுத்தம் பற்றிய பகுதியில் பார்ப்போம்.

வியர்வை தனிக் கணக்கு. காரின் ஏசி காற்று முகத்திலும் மார்பிலும் படுகிறது. முதுகுக்கும் தொடைக்கும் அடியில் அது போவதில்லை. அங்கே வியர்வையின் ஈரம் உறை வழியாக ஃபோமுக்குள் நகர வேண்டும். துணியில் அது நகர்கிறது. பிவிசியில் அறவே நகராது. மேற்பூச்சுள்ள தோலில் ஓரளவே நகரும். நீண்ட பயணத்தில் முதுகு நனைவது இதனால்தான். சிறு துளைகள் இட்ட தோலோ லெதரெட்டோ இதை ஓரளவு குறைக்கும்; இருக்கைக்குள் விசிறி வைத்த காற்றோட்ட இருக்கை நன்றாகவே குறைக்கும். காற்றோட்ட வசதி வேண்டும் என்பவர்களுக்குத் துளையிட்ட தோல் அல்லது லெதரெட் வகைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. பெரும்பாலான கார்களில் அந்த வசதி முன்னிருக்கைகளுக்கு மட்டும் வரும், பின்னிருக்கையில் அமரும் பாட்டிக்கு அதனால் பயனில்லை என்பதையும் கருத வேண்டும்.

குழந்தையைப் பற்றி இங்கே ஒரு திருத்தம் அவசியம். குழந்தை இருக்கையில் கட்டப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையின் உடல் காரின் இருக்கையைத் தொடுவதே இல்லை. அதைச் சுடுவது குழந்தை இருக்கையின் கறுப்புத் துணியும், பக்கிளின் உலோகமும்தான். காரின் இருக்கைப் பொருள் நேரடியாகப் பாதிப்பது ஏழு வயதுக் குழந்தையையும் பாட்டியையும். "சின்னக் குழந்தை இருக்கிறது, ஆகவே துணி" அல்லது "சின்னக் குழந்தை இருக்கிறது, ஆகவே லெதரெட்" என்று சொல்லும் அறிவுரைகள் இந்த எளிய உண்மையைத் தவறவிடுகின்றன.

## சுத்தம்

லெதரெட்டின் பலம் இதுதான். பாலோ குழம்போ சிந்தினால், உடனே துடைத்து, மென்மையான சோப்பு கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, வெறும் ஈரத்துணியால் மறுமுறை துடைத்தால் போதும். தோலுக்கும் இதே முறைதான், நீரை இன்னும் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் கூடுதல். ஆனால் இரண்டிலும் நீர் புகும் வழிகள் இருக்கின்றன: தையல் துளைகள், காற்றோட்டத் துளைகள், இருக்கையும் முதுகும் சேரும் இடுக்கு. ஒரு குவளைப் பால் அந்த இடுக்கில் இறங்கினால், மேலே பளபளவென்று இருக்கும் லெதரெட்டின் அடியிலுள்ள ஃபோமில் அது தங்கி நாறும். அங்கே காற்றுப் போகாததால் காய்வதும் துணியைவிடத் தாமதமாகும். எனவே லெதரெட் போட்டால் நாற்றமே வராது என்ற நம்பிக்கை சரியல்ல.

துணியில் பால் சிந்தினால் செய்யவேண்டியதை முறையாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் முதல் ஐந்து நிமிடத்தில்தான் தவறு செய்கிறார்கள். தேய்க்கக் கூடாது, உறிஞ்சும் துணியை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் பால் இன்னும் ஆழமாகவும் அகலமாகவும் பரவும். வெந்நீர் ஊற்றக் கூடாது. பாலிலுள்ள புரதம் வெந்நீரில் இறுகி இழையைப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நீரைத் தெளித்து மீண்டும் அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு புரதத்தை உடைக்கும் நொதி கலந்த கறைநீக்கியைத் தெளித்து, புட்டியில் எழுதியிருக்கும் நேரம்வரை ஊறவிட வேண்டும். கடைசியாக, ஈரத்தையும் இழுக்கும் வாக்குவம் கருவியால் உள்ளிருக்கும் நீரை இழுத்தெடுத்து, கதவுகளைத் திறந்து, விசிறி வைத்து, ஒரு நாளுக்குள் காயவைக்க வேண்டும். ஈரம் ஒன்றிரண்டு நாள் தங்கினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஊற்றிய நீர் எல்லாம் திரும்ப வெளியே வர வேண்டும் என்பதே இதன் விதி. அதை மறந்து வாளி நீரில் இருக்கையைக் கழுவுபவர்கள்தான் மறுவாரம் நாற்றத்தைப் பற்றி முறையிடுகிறார்கள்.

துணி இருக்கையென்றால் உறையைக் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தொழிற்சாலை உறை, ஃபோமுக்குள் பதித்த கம்பிகளில் உலோக வளையங்களால் இறுகப் பிணைக்கப்பட்டது. வீட்டில் கழற்றி மாட்டும் பொருளல்ல. ஆகவே துணி இருக்கைக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு ஆழச் சுத்தம் ஒன்றைச் செலவில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தோலிலும் லெதரெட்டிலும் சுத்தம் செய்கிறோம் என்று எண்ணிக் கெடுப்பவர்களும் உண்டு. கைகழுவும் சானிட்டைசரில் உள்ள ஆல்கஹால் மேற்பூச்சை மங்கச் செய்யும். கறையை அழிக்கும் வெள்ளை மெலமின் பஞ்சு மிக நுண்ணிய உப்புத்தாள்போல வேலை செய்து பூச்சைச் சிராய்க்கும். தோலுக்குப் பூசும் கண்டிஷனர் எண்ணெய்கள், நிறமியும் மேற்பூச்சும் உள்ள கார் தோலில் பெரிதாக உள்ளே இறங்குவதில்லை. மாதந்தோறும் எண்ணெய் பூசுவதைவிட, மாதந்தோறும் தூசியையும் வியர்வையின் கொழுப்பையும் துடைத்தெடுப்பதே தோலின் ஆயுளைக் கூட்டும். தூசித் துகள்கள்தான் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் பூச்சைத் தேய்க்கின்றன.

வெளிர் நிறத்தின் விலை என்று முன்னே சொன்னது ஜீன்ஸின் நீலச் சாயம். அது இருக்கைக்கு இடம் மாறும். மேற்பூச்சு நல்ல நிலையிலுள்ள தோலில் முதல் சில நாட்களில் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். வெளிர் பிவிசியில் சாயம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும். வெயிலில் சூடேறினால் இன்னும் ஆழமாகப் போகும். பிறகு எதனாலும் வராது. எனவே வெயிலில் நிற்கும் காருக்கு வெள்ளையும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம். இடைப்பட்ட சாம்பலோ மண்பழுப்போ இரண்டு தொல்லைகளையும் பாதியாக்கும் என்பது என் கருத்து.

## எப்படிக் கெடுகிறது

துணி மெதுவாகக் கெடும். ஓட்டுநர் ஏறி இறங்கும்போது உரசும், இருக்கையின் ஓரத்தில் புடைத்திருக்கும் பக்கமேட்டில் முதலில் இழைகள் திரண்டு சிறு உருண்டைகள் தோன்றும். அடுத்து அந்த இடம் மெலியும். பின்கண்ணாடி வழியே வெயில் விழும் பின்னிருக்கையின் மேல்விளிம்பில் நிறம் வெளிறும். ஆனால் துணி இருக்கை எட்டாம் ஆண்டிலும் பெரும்பாலும் கிழியாமல்தான் இருக்கும். அழுக்கேறியதாகத் தெரியும், அவ்வளவே. அதன் உண்மையான முடிவு பெரும்பாலும் துணியில் இல்லை, உள்ளே ஊறிய ஃபோமில் இருக்கிறது.

பிவிசி லெதரெட் மென்மையாக இருப்பதற்குக் காரணம் அதில் கலந்துள்ள மென்மையூட்டி வேதிப்பொருள். வெயிலின் சூட்டில் அது கொஞ்சங்கொஞ்சமாக ஆவியாகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் பிசுபிசுப்பான மங்கல் படலத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. மென்மையூட்டி குறையக் குறையப் படலம் விறைக்கும்; விறைத்தபின் மடியும் இடங்களிலும் தையல் ஓரங்களிலும் வெடிக்கும். விரலால் அழுத்தும்போது புதிதில் இருந்த நெகிழ்வு போய் அட்டை மடிவதுபோல உணர்ந்தால் வெடிப்பு அருகில் இருக்கிறது என்று அறியலாம். ஆயினும் கார் தயாரிப்பாளர்களே பொருத்தும் தரமான பிவிசி மிக நீண்ட காலம் உழைக்கும். மெர்சிடிஸ் பென்ஸின் எம்பி-டெக்ஸ் என்ற பிவிசி உறை உழைப்புக்காகவே பல பத்தாண்டுகளாகப் பெயர் பெற்றது.

பியுவின் கதை வேறு. மலிவான பியு படலங்கள் காற்றிலுள்ள ஈரத்தாலும் வெப்பத்தாலும் மூலக்கூறு அளவிலேயே உடைகின்றன. உட்காராமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். முதலில் மேற்பரப்பு லேசாகப் பிசுபிசுக்கும்; பிறகு செதில் செதிலாக உரிந்து, அடியிலுள்ள பின்னல் துணி தெரியும். உரியத் தொடங்கியபின் அதை ஒட்டவோ பூசவோ வழியில்லை. பிரித்து மாற்றுவது ஒன்றே தீர்வு. பாலிகார்பனேட் வகைப் பியு இந்த ஈரச்சிதைவை நன்றாகத் தாங்கும், ஆனால் விலை கூடுதல்; அதை விற்பவர் பெரும்பாலும் அதை எடுத்துச் சொல்லியே விற்பார். வெறுமனே "உயர்தர பியு" என்று மட்டும் சொன்னால் மலிவான வகை என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

தோல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஓட்டுநர் பக்கமேட்டில் மேற்பூச்சு தேய்ந்து நிறம் போகும். அந்த நிலையிலேயே கவனித்தால், கைதேர்ந்தவர் அந்த இடத்தைச் சுத்தம் செய்து, கீறல்களை நிரப்பி, நிறமி பூசி, புதிய மேற்பூச்சு அடித்துவிடலாம். அடியிலுள்ள நார்க்கட்டமைப்பு உறுதியாக இருப்பதே இதைச் சாத்தியமாக்குகிறது. கவனிக்காமல் விட்டால் வியர்வையும் வெயிலும் அந்த நாரை உலர்த்தி, விரிசல் ஆழமாகும். பிறகு அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். உட்காரும் இடத்தில் விழும் மடிப்புச் சுருக்கங்கள் மட்டும் பழுதல்ல, தோலின் இயல்பு.

குழந்தை இருக்கை இந்த மூன்றிலும் தன் தடத்தை விடும். மாதக்கணக்கில் இறுக்கிக் கட்டிய குழந்தை இருக்கையின் விளிம்பு தோலிலும் லெதரெட்டிலும் நிலையான பள்ளத்தை ஏற்படுத்தும். துணியில் இழைகள் படுத்திருக்கும், பெரும்பாலும் காலப்போக்கில் எழுந்துவிடும். அடியில் பாய் விரித்துக் காக்கலாம் என்றால், குழந்தை இருக்கையின் கையேடு எந்தப் பாயை அனுமதிக்கிறது என்று பார்த்தபிறகே விரிக்க வேண்டும், ஏனெனில் தடித்த பாய் இருக்கையின் பிடிப்பைத் தளர்த்திவிடும்.

## விலையும் மறைந்திருக்கும் செலவும்

தொழிற்சாலையிலிருந்தே தோலுடன் வரும் காரில் தோலின் விலையைத் தனியாகப் பார்க்க முடியாது. அது உயர்வகையோடு சேர்ந்தே வருகிறது. கூரைக் கண்ணாடி, பெரிய சக்கரம் என வேண்டாதவற்றுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம். அவை எப்படியும் வேண்டும் என்பவருக்குத் தோல் ஏறக்குறைய இலவசம். தோலுக்காக மட்டும் வகையை உயர்த்துபவருக்கு அது மிக விலையுயர்ந்த உறை.

வெளியில் தைத்துப் போடும் லெதரெட் உறை விலையில் கவர்ச்சியானது, ஆனால் மறைந்திருக்கும் செலவு அதில்தான் அதிகம். முன்னிருக்கையின் பக்கத்திலிருந்து விரியும் ஏர்பேக் உள்ள கார்களில், தொழிற்சாலை உறையின் ஒரு தையல் ஏர்பேக் விரியும் நேரத்தில் பிரியும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும். அதன்மேல் இறுக்கமாக இன்னோர் உறையை மூடினாலோ, உறையையே மாற்றி அந்தத் தையலைக் கெட்டியான நூலால் போட்டாலோ, ஏர்பேக் தாமதமாகவோ தவறான திசையிலோ விரியலாம். முன்பயணி இருக்கைக்குள் ஆள் அமர்ந்திருப்பதை உணரும் கருவி இருந்தால், கூடுதல் ஃபோம் வைத்துத் தைத்த தடித்த உறை அதைக் குழப்பும். பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் மறைந்துபோகும். இவற்றை முன்கூட்டியே கேட்காமல் தைத்துவிட்டுப் பின்னர் அறுத்துத் திறப்பது, விலையிலும் பாதுகாப்பிலும் நட்டம். வெளியில் உறை போட்டால் இருக்கை சார்ந்த உத்தரவாதம் என்னாகும் என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

| | துணி | லெதரெட் | தோல் |
|---|---|---|---|
| தொடக்கச் செலவு | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் |
| வெயிலில் தொடும் சூடு | குறைவு | மிக அதிகம் | அதிகம் |
| முதுகு வியர்வை | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் |
| சிந்தியதைத் துடைத்தல் | கடினம் | எளிது | எளிது |
| முதல் பழுது | கறை, நாற்றம் | வெடிப்பு அல்லது உரிதல் | பக்கமேட்டில் நிறம் தேய்தல் |
| பழுதைச் சீர்செய்தல் | ஆழச் சுத்தம் | பெரும்பாலும் மாற்றமே | ஆரம்பத்தில் எளிது |

## அந்தக் குடும்பத்தின் கணக்கு

ரூபாயிலோ டாலரிலோ சொன்னால் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், ஒருமுறை முழு ஆழச் சுத்தம் செய்ய ஆகும் தொகையை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம். கணக்கின் வடிவத்தைக் காட்ட, நல்ல லெதரெட் உறைக்கு 12 அலகு, தோலுக்கு 40 அலகு என்று எடுத்துக்கொள்கிறேன். வாசகர்கள் தங்களுக்குக் கிடைக்கும் மதிப்பீட்டை இந்த இடங்களில் இட்டுப் பார்க்க வேண்டும்.

துணியுடன் வந்த காரை அப்படியே வைத்துக்கொண்டால், எட்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கொரு சுத்தம் என்று 8 அலகு, ஒரு பெரிய விபத்தாகப் பாலோ வாந்தியோ உள்ளே இறங்கி ஃபோமைக் கழற்றிச் செய்யும் வேலைக்கு 4 அலகு, ஆக 12. லெதரெட் உறை போட்டால் முதலில் 12, கார் வெயிலிலேயே நிற்பதால் எட்டு ஆண்டுக்குள் ஒருமுறை மாற்ற நேரும் என்று கொண்டால் இன்னொரு 12, ஆக 24. மாற்ற நேராவிட்டால் துணியும் லெதரெட்டும் சமமாகிவிடும். ஆகவே லெதரெட்டின் முழுக் கணக்கும் அந்த ஒரு மாற்றத்தில் தொங்குகிறது. அது நேருமா என்பதை வெயிலும் படலத்தின் தரமுமே முடிவு செய்யும். தோலில் 40-உடன் ஓட்டுநர் பக்கமேட்டுக்கு இரண்டு முறை நிறம் பூச 2 அலகு வீதம் 4 சேர்த்து 44.

இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்வது துணி. அவர்களுடைய கார் வெயிலில் நிற்கிறது. அதில் லெதரெட்டின் சூடும் மோசம், ஆயுளும் குறைவு. இரண்டு வயதுக் குழந்தை சிந்துவதில் பெரும்பகுதி, கழற்றித் துவைக்கக்கூடிய குழந்தை இருக்கையின் உறையில்தான் விழும். கறை பிடிக்கும் அபாயம் ஏழு வயதுக் குழந்தையின் இடத்தில்தான் அதிகம். அந்த ஓர் இடத்தில், ஐசோஃபிக்ஸ் கொக்கியையும் பெல்ட் பூட்டையும் மறைக்காத, நீர் இறங்காத, கழற்றித் துவைக்கும் விரிப்பு ஒன்றைப் போட்டால் போதும். பின்னிருக்கையில் ஏர்பேக் இருக்கிறதா என்று மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பகுதியை முன்கண்ணாடி வெயில்மறைப்புக்கும், ஈரம் இழுக்கும் சிறு வாக்குவத்துக்கும் செலவிடுவது, எந்த உறையையும்விடப் பயன் தரும்.

## எப்போது முடிவு மாறும்

கார் பகலில் கூரைக்கடியில் நின்று, பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைத் தாண்டிய ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள் இருவர் அன்றாடம் தின்பண்டத்தோடு ஏறினால், தொழிற்சாலையிலிருந்தே வரும் லெதரெட்தான் சரி. அங்கே அதன் பெரிய பலவீனமான வெயில் இல்லை. பெரிய பலமான துடைப்பு தினமும் தேவைப்படுகிறது. நாயைக் கூட்டிச் செல்பவர்களுக்கும் இதுவே பொருந்தும், ஏனெனில் துணியில் குத்தி நிற்கும் உரோமத்தை எடுப்பது தனி வேலை. அடிக்கடி பயணத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தாலும், கார் வெயிலில் நின்றாலும்கூட, லெதரெட்டின் பக்கம் சாய்வேன்.

தோலைத் தேர்ந்தெடுக்க இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து இருக்க வேண்டும்: பத்து ஆண்டுக்கு மேல் காரை வைத்திருக்கும் எண்ணம், நிழலான நிறுத்துமிடம். நீண்ட காலம் வைத்திருப்பவருக்கே சீர்செய்ய முடியும் என்ற தோலின் தனிச்சிறப்பு பணமாக மாறுகிறது. நான்கைந்து ஆண்டில் விற்பவர், தோல் இருப்பதால் மறுவிற்பனையில் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்; தேய்ந்து நிறம் போன தோல், சுத்தமான துணியைவிட வாங்குபவர் கண்ணுக்கு மோசமாகத் தெரியும்.

எந்த முடிவானாலும், வெளியில் உறை தைக்கக் கொடுப்பதற்கு முன் தைப்பவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். பொருள் பிவிசியா, எவ்வகைப் பியு என்பதை ரசீதில் எழுதித் தர வேண்டும். ஏர்பேக் உள்ள பக்கத்தைத் திறந்தே விடுவாரா, அல்லது அங்கே பிரியும் தையல் போடுவாரா என்பதை, ஏற்கெனவே அதே மாடல் காருக்குத் தைத்த உறையில் காட்டச் சொல்ல வேண்டும். மீதி வெட்டிய துண்டில் ஒரு கையளவு வாங்கி, சில வாரங்கள் வெயில்படும் டேஷ்போர்டின் மேல் வைத்திருந்து மடித்துப் பார்க்க வேண்டும். தரமற்ற படலம் அதிலேயே விறைப்பையோ பிசுபிசுப்பையோ காட்டத் தொடங்கலாம். அவ்வாறு காட்டினால் அதே பொருளில் முழு இருக்கையையும் தைக்கக் கொடுக்காமல் வேறு பொருளைக் கேட்கலாம்.